எல்லாக் கொப்புளமும் அம்மை இல்லை

இந்த வாரம் மட்டும் இது நான்காவது குழந்தை. ஒன்றரை வயது, 10 கிலோ எடை. இரண்டு நாளாகப் பால்கூடக் குடிக்கவில்லை. வாசலில் வேப்பிலை கட்டியாகிவிட்டது, "அம்மை போட்டிருக்கிறது, மருந்து கொடுக்கக் கூடாது" என்று பாட்டி சொல்லிவிட்டாராம். முந்தைய இரவுக்குப் பிறகு சிறுநீரே போகவில்லை என்று மறுநாள் மதியம்தான் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

உள்ளங்கையைப் பாருங்கள் என்றேன். சின்னம்மை பெரும்பாலும் முகம், மார்பு, முதுகில் தொடங்கி உடம்பெங்கும் பரவும், நன்றாக அரிக்கும். உள்ளங்கை, உள்ளங்கால், பிட்டம், முழங்கால் என்று இடம்பார்த்து வந்து, வாய்க்குள்ளும் புண் இருந்தால் அது கை கால் வாய் நோய். ஊரில் தக்காளிக் காய்ச்சல் என்பதும் பெரும்பாலும் இதைத்தான். வைரஸ் நோய், ஏழு முதல் பத்து நாளில் தானாகவே போய்விடும். ஆன்டிபயாடிக் தேவையில்லை. (மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி ஊற்றிவிட்டு வருபவர்களை என்ன சொல்ல!)

கையில் இருக்கும் கொப்புளத்தைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். குழந்தையைப் படுக்க வைப்பது வாய்ப்புண். பசி இருக்கும், விழுங்கினால் எரியும். அதனால்தான் பாட்டிலை வாயில் வைத்ததும் வீல் என்று கத்துகிறது. அடம் இல்லை அம்மா, வலி.

ஆகவே முதலில் வலியைக் குறையுங்கள். அந்தக் குழந்தைக்குக் கொடுத்தது 150 மில்லிகிராம் பாராசிட்டமால், அதாவது கிலோவுக்கு 15. ஒரே மருந்து 5 மில்லியில் 120, 250 என்று வெவ்வேறு அளவில் வருவதால் பாட்டிலைப் படிக்காமல் ஊற்றாதீர்கள். அரை மணி நேரம் கழித்து, குளிர்ந்த ஓஆர்எஸ் கரைசலை இரண்டு நிமிடத்துக்கு ஒரு டீஸ்பூன் வீதம் கொடுக்கச் சொன்னேன். பார்க்க அற்பமாகத் தெரியும், ஒரு மணி நேரத்தில் 150 மில்லி போய்விடும். சாயங்காலம் டயப்பர் நனைந்தது. டிரிப்ஸ் போடாமலே வீட்டுக்கு அனுப்பினோம்.

"காய்ச்சலில் குளிர்ச்சி கொடுத்தால் ஜன்னி வராதா டாக்டர்?" வராது. மோர், ஆறின கஞ்சி, இளநீர் எல்லாம் கொடுக்கலாம். புளிப்பு, காரம், சூடு வேண்டாம். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. பாட்டில் வலித்தால் ஸ்பூன், டம்ளர். பெரியவர்களின் வாய்ப்புண் ஜெல்லைத் தயவுசெய்து தடவாதீர்கள், ஆஸ்பிரினும் வேண்டாம்.

எட்டு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டாலோ, அழுதும் கண்ணீர் வராவிட்டாலோ உடனே வாருங்கள். மூன்று நாளைத் தாண்டிய காய்ச்சல், நிற்காத வாந்தி, எழுப்பினாலும் துவண்டு விழுவது, தள்ளாடும் நடை, மூச்சு வாங்குவது என்றாலும் அப்படியே. தூக்கத்தில் திரும்பத் திரும்பத் தூக்கிப் போடுவதையும் அலட்சியம் செய்யாதீர்கள்; அரிதாக மூளையைத் தொடும்போது அதுதான் முதலில் தெரியும். ஆறு மாதத்துக்குக் கீழ் என்றால் எதற்கும் காத்திருக்க வேண்டாம்.

மலத்தில் வைரஸ் பல வாரம் இருக்கும், டயப்பர் மாற்றியதும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். சானிடைசர் இதற்கு அவ்வளவாக உதவாது.

அப்புறம், ஒரு மாதம் கழித்து நகம் கழன்றால் நள்ளிரவில் போன் செய்ய வேண்டாம். இதே நோயின் மிச்சம்தான், புது நகம் முளைத்துவிடும்.