காற்றுக் கோபுரமும் கல் ஜாலியும்: குளிர்ச்சி எங்கிருந்து வருகிறது?

ஜெய்சல்மேர் பக்கம் ஒரு புது விடுதிக்கு வெப்ப ஆலோசனை சொல்லப் போயிருந்தேன். கட்டி முடித்து ஒரு கோடைதான் ஆகியிருந்தது. மேற்குச் சுவர் முழுக்கப் பொன்னிறக் கல்லில் ஓட்டை ஓட்டையாகச் செதுக்கிய ஜாலித் தடுப்பு. மொட்டை மாடியில் நாலு பக்கமும் திறந்த அழகான காற்றுக் கோபுரம். "ராஜஸ்தான், ஈரான் ரெண்டையும் சேர்த்துக் கட்டினோம் சார். ஆனாலும் சாயங்காலம் வரவேற்பறையில் உட்கார முடியவில்லை" என்றார் உரிமையாளர். மாலை 4 மணிக்குத் தரையைப் பார்த்ததுமே பாதிக் காரணம் தெரிந்துவிட்டது. ஜாலியின் ஒவ்வொரு ஓட்டையும் வெயில் பொட்டாகத் தரையில் விழுந்து கிடந்தது.

இந்த இரண்டையும் பற்றி நம் ஊடகங்களில் வரும் விளக்கங்களில் ஒரு தவறு திரும்பத் திரும்ப வருகிறது. அதை நம்பித்தான் பலர் பணம் போடுகிறார்கள். கோபுரமும் ஜாலியும் தாமாகக் குளிர்ச்சியை உண்டாக்குவதில்லை. கோபுரம் காற்றை நகர்த்தும். ஜாலி வெயிலைத் தடுக்கும். குளிர்ச்சி வருவது வேறு இடங்களிலிருந்து.

முதலில் ஜாலி. "சின்ன ஓட்டைக்குள் காற்று நெருக்கப்பட்டு வேகமெடுக்கிறது, அதனால் குளிர்ந்துவிடுகிறது, ஹவா மகாலின் ரகசியம் இதுதான்" என்று சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓட்டைக்குள் காற்று விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் போகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அந்த வேகத்தால் வெப்பநிலை குறைவது ஒரு டிகிரியில் நூறில் ஒரு பங்கு அளவுதான். மறுபக்கம் வந்து வேகம் தணிந்ததும் அதுவும் திரும்பி வந்துவிடும். உதட்டைக் குவித்து ஊதினால் காற்று சில்லென்று இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. அது நெருக்கப்பட்டதால் அல்ல. குவித்து ஊதும்போது உங்கள் மூச்சு போகிற வழியில் அறைக் காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது. அறைக் காற்று மூச்சைவிடக் குளிர்ந்தது, அவ்வளவுதான். வெளியே 42 டிகிரி இருக்கும்போது அதே போல ஊதிப் பாருங்கள், சில்லென்று இருக்காது.

அப்படியானால் 1799-இல் ஜெய்ப்பூரில் 953 ஜன்னல்களோடு எழுந்த ஹவா மகால் எப்படிக் காற்றோட்டமாக இருக்கிறது? அதன் மேல் மாடிகள் ஒரே ஒரு அறை ஆழம் கொண்டவை. முன்னால் நுழைந்த காற்று தடையில்லாமல் பின்னால் போய்விடுகிறது. நிழலில் உட்கார்ந்திருப்பவர் மேல் காற்று ஓடினால் வியர்வை காய்கிறது, உடம்புக்கு இதமாக இருக்கிறது. வெயிலை நிறுத்திவிட்டுக் காற்றை மட்டும் உள்ளே விடுவது, வெளியிலிருந்து யாரும் பார்க்காதபடி உள்ளிருப்பவர்கள் தெருவைப் பார்ப்பது, இவைதான் ஜாலியின் வேலை.

வெயிலை நிறுத்துகிற அந்த வேலை முக்கியமாக ஒரு விஷயத்தைப் பொறுத்தது: ஓட்டையின் உயரத்துக்கும் கல்லின் கனத்துக்கும் உள்ள விகிதம். விடுதி ஜாலியில் ஓட்டை 4 செ.மீ., கல் 2 செ.மீ. மே மாத நடுவில் ஜெய்சல்மேரில் மாலை 4 மணிக்குச் சூரியன் கிட்டத்தட்ட நேர் மேற்கே, சுமார் 44 டிகிரி உயரத்தில் நிற்கும். அந்தச் சாய்வில் வரும் கதிர் 2 செ.மீ. ஆழத்தைக் கடப்பதற்குள் ஏறக்குறைய 2 செ.மீ. கீழே இறங்குகிறது. ஓட்டையின் உயரமோ 4 செ.மீ. ஆகவே ஒவ்வொரு ஓட்டையிலும் பாதி உயரத்துக்கு வெயில் நேராக உள்ளே வந்துவிடுகிறது. அதே ஓட்டையை 5 செ.மீ. கனமுள்ள கல்லில் வெட்டியிருந்தால், 4 மணிக்கு நேர் வெயில் ஒரு பொட்டுகூட உள்ளே வந்திருக்காது. கதிர் ஓட்டையின் உள் சுவரில் பட்டு, சிதறிய வெளிச்சமாக மட்டும் உள்ளே வந்திருக்கும்.

கல் கனமாக இருந்தாலும் எல்லை உண்டு. 5 மணிக்குச் சூரியன் 31 டிகிரிக்கு இறங்கிவிடும். அப்போது 5 செ.மீ. கல்லிலும் ஓட்டையின் கால் பங்கு வழியாக வெயில் நுழையும். பழைய ஜெய்சல்மேரில் அதற்கும் ஏற்பாடு இருந்தது. தெரு இரண்டு பேர் கைகோத்து நடக்கும் அகலம்தான், எதிர் வீடு இரண்டு மூன்று மாடி. தாழ்ந்த சூரியனை எதிர் வீட்டுச் சுவரே மறைத்துவிடும். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் சஜ்ஜா உச்சி வெயிலைப் பார்த்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே உள்ள கோணம்தான் ஜாலியின் பங்கு. அந்த ஜாலியை மட்டும் பெயர்த்துக்கொண்டு வந்து, எதிரே மணல்வெளி மட்டுமே உள்ள மேற்குச் சுவரில் மாட்டினால் அதன் கூட்டாளிகள் இரண்டு பேரும் கூட வருவதில்லை. போதாததற்கு இங்கே ஜாலிக்குப் பின்னால் மூடிய கண்ணாடி வேறு. உள்ளே வந்த வெயில் தரையைச் சூடாக்கியது; அந்தச் சூடு வெளியேற வழியில்லை.

இனி கோபுரம். ஈரானின் யஸ்த் நகரத்தில் இதன் பெயர் பாத்கீர். பாத் என்றால் காற்று, கீர் என்றால் பிடிப்பது. யுனெஸ்கோ 2017-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பழைய நகரம் அது. அங்கே தௌலதாபாத் தோட்டத்தில் இருக்கும் எண்கோணக் கோபுரம் சுமார் 33 மீட்டர் உயரம். இவ்வளவு உயரம் எதற்கு? குறுகிய சந்துகளில் காற்று மெல்லத்தான் நடமாடும். கூரைகளுக்கு மேலே போகப்போக வேகம் கூடும், புழுதியும் குறையும். வேகம் இரட்டித்தால் அது கொடுக்கும் அழுத்தம் நான்கு மடங்காகும் என்பதால் நாலைந்து மீட்டர் கூடுதல் உயரம்கூடப் பெரிய வித்தியாசம் செய்யும்.

கீழே நின்று பார்த்தால் வெறும் புகைபோக்கி மாதிரி தெரியும். உள்ளே கதை வேறு. தலைக்குமேல் கொஞ்ச உயரத்திலிருந்து உச்சி வரை மெல்லிய செங்கல் தடுப்புகள் கோபுரத்தைத் தனித்தனிக் குழாய்களாகப் பிரிக்கின்றன. காற்று அடிக்கும் பக்கத்துக் குழாயில் அழுத்தம் கூடிக் காற்று கீழே இறங்கும். எதிர்ப் பக்கத்தில் அழுத்தம் குறைந்திருப்பதால் அந்தக் குழாய் அறைக் காற்றை மேலே உறிஞ்சும். இதைக் கண்ணால் பார்க்க ஓர் ஊதுபத்தி போதும். ஒரு குழாயின் அடியில் பிடித்தால் புகை தரையை நோக்கி வளையும்; இரண்டடி நகர்ந்து அடுத்ததன் அடியில் பிடித்தால் நூல் பிடித்தது போல மேலே ஏறும். விடுதிக் கோபுரத்தின் கீழ் ஊதுபத்தியைக் கொளுத்தினேன். புகை அங்கேயே வட்டமிட்டது. மேலே ஏறிப் பார்த்தால் உள்ளே தடுப்பே கிடையாது. மேற்கே நுழைந்த காற்று கீழே எட்டிக்கூடப் பார்க்காமல் கிழக்கே வெளியேறிக்கொண்டிருந்தது.

யஸ்துக்கு வடமேற்கே உள்ள அர்தகான், மேய்போத் ஊர்களில் ஒரே பக்கம் வாய் வைத்த கோபுரங்களைத்தான் அதிகம் பார்க்கலாம். நல்ல காற்று வரும் திசைக்கு வாய், பாலைப் புழுதி வரும் திசைக்கு முதுகு. யஸ்துக்குள் காற்று பல திசைகளிலிருந்தும் வரும். அதனால் நாலு பக்கம், எட்டுப் பக்கம்.

காற்று இறங்கிவிட்டது, சரி. அது குளிர்ந்த காற்றா? விநாடிக்கு அரை கன மீட்டர் காற்று இறங்கினால், 100 கன மீட்டர் அறையின் காற்று மணிக்கு 18 முறை மாறும். வெளியே 42 டிகிரி என்றால் மணிக்கு 18 முறை 42 டிகிரியை அழைத்து வருகிறோம் என்று அர்த்தம். அந்த ஓட்டத்தை 10 டிகிரி குளிர்விக்க மணிக்கு சுமார் 9 லிட்டர் தண்ணீர் ஆவியாக வேண்டும். பாத்கீரின் கீழே இருக்கும் தண்ணீர்த் தொட்டிதான் எல்லாவற்றையும் செய்கிறது என்று நினைக்கிறோம். ஆனால் அசையாத நீர்ப்பரப்பு, அந்த வறண்ட காற்றிலும், சதுர மீட்டருக்கு மணிக்கு அரை லிட்டர் அளவுதான் ஆவியாகும். 4 சதுர மீட்டர் தொட்டி இந்த ஓட்டத்தைக் குளிர்விப்பது 2 டிகிரி சொச்சம்தான். மீதி வேலையைச் செய்வது கனத்த மண் சுவரும், நிலத்தடி அறையும், இரவும்தான்.

நான் மிகவும் ரசிப்பது அந்த இரவு வேலையைத்தான். பகலெல்லாம் வெயில் குடித்த கோபுரச் செங்கல் இரவில் உள்ளிருக்கும் காற்றைச் சூடாக்கும். சூடான காற்று மேலே போகும். அந்த இடத்தை நிரப்ப, முற்றத்தில் தேங்கியிருக்கும் குளிர்ந்த காற்று அறைகள் வழியாக ஓடிவரும். காற்றே அடிக்காத இரவிலும் இது நடக்கும். விடிவதற்குள் சுவர்கள் குளிர்ந்துவிடும். அப்புறம் பகலில் வெளிக்காற்று உள்ளே வராதபடி கதவுகளைச் சாத்தி, அந்தக் குளிர்ச்சியைச் செலவழிக்கிறார்கள். பகலும் இரவும் ஒரே மாதிரி திறந்தே கிடக்கும் கோபுரம் இரவில் சேர்த்ததை நண்பகலுக்குள் தொலைத்துவிடும்.

தண்ணீரைச் சேர்ப்பதற்கும் எல்லை உண்டு. 40 டிகிரி, 15 சதவீத ஈரப்பதம் என்றால் ஆவியாதலால் காற்றை அதிகபட்சம் 21 டிகிரி வரை இறக்க முடியும். சென்னையில் 36 டிகிரி, 65 சதவீத ஈரப்பதம் உள்ள ஒரு பிற்பகலில் அந்த எல்லை 30 டிகிரி. அதை நெருங்குவதற்குள் அறை புழுங்கிவிடும். நம் கடற்கரை ஊர்களில் இரவுக் காற்றும் அவ்வளவு குளிர்வதில்லை. அதனால் கோபுரம் கேட்டு வரும் சென்னை வாடிக்கையாளர்களிடம் ஜாலியையும் எதிர் ஜன்னலையும் மட்டும் பரிந்துரைக்கிறேன்.

விடுதியில் மூன்று வேலை சொன்னேன். கோபுரத்துக்குள் மூலைக்கு மூலை குறுக்காகச் செங்கல் தடுப்பு, அடியில் மூடித் திறக்கும் மரக்கதவு. ஜாலிக்கு வெளியே ஒரு மீட்டர் தள்ளி, ஜாலியைவிட உயரமாக ஒரு நிழல் சுவர், எதிர் வீட்டுக்குப் பதிலாக. கண்ணாடியில் மேலும் கீழும் திறக்கும் கதவுகள். காலை 8 மணிக்குக் கோபுரக் கதவைச் சாத்துவதும் இரவு 9 மணிக்குத் திறப்பதும் யார் பொறுப்பு என்று காவலாளியிடமே பேசி, சுவரில் நேரம் எழுதி ஒட்டச் சொன்னேன். அடுத்த மே மாதம் மறுபடி போனபோது மாலை 4 மணிக்குத் தரையில் வெயில் பொட்டுகள் இல்லை. இரவு 9 மணிக்குக் கோபுரக் கதவைத் திறந்ததும் ஊதுபத்திப் புகை ஒரு பக்கம் இறங்கி, எதிர்ப் பக்கம் ஏறிக்கொண்டிருந்தது.