இறக்கத்தில் மட்டும் மினுக்கும் ஆயில் லைட்

மலையில் வண்டி ஓட்டுகிறவர்கள் கவனிக்காமல் விடும் அறிகுறி ஒன்று உண்டு. சமதளத்தில் எரியாத ஆயில் லைட், இறக்கத்தில் கொண்டை ஊசி வளைவு திரும்பும்போது மட்டும் ஒரு நொடி எரிந்து அணையும். கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட் ஜீப் ஒன்று இந்தப் புகாரோடுதான் எங்கள் பட்டறைக்கு வந்தது. "சுவிட்ச் போயிருக்கும்ணே, மாத்திருங்க" என்றார் டிரைவர்.

நம் கார், ஜீப், லாரி இஞ்சின்கள் பெரும்பாலும் வெட் சம்ப் வகை. இஞ்சினுக்கு அடியில் உள்ள சேம்பரிலேயே ஆயில் மொத்தமும் கிடக்கும். அதற்குள் முங்கியிருக்கும் சல்லடைக் குழாய் வழியாகப் பம்ப் ஆயிலை இழுத்து, ஃபில்டர் வழியாக மெயின் கேலரி என்ற பிரதான ஆயில் பாதைக்குத் தள்ளும். அங்கிருந்து, கிராங்க் என்ற சுழலும் தண்டைத் தாங்கும் ஒவ்வொரு மெயின் பேரிங்குக்கும் துளை உண்டு. மெயின் பேரிங்கில் இருந்து கிராங்குக்குள் சாய்வாகப் போட்ட துளை வழியாகத்தான் கனெக்டிங் ராடின் பிக் எண்ட் பேரிங்குக்கு ஆயில் போகும்.

பம்ப் தருவது ஓட்டத்தை மட்டும்தான். பேரிங்குக்கும் கிராங்குக்கும் இடையில் சுமார் 0.05 மில்லிமீட்டர் இடைவெளிதான் இருக்கிறது. ஆயில் அதற்குள் நெருக்கிக்கொண்டு நுழைவதால்தான் பிரஷர் ஏறுகிறது. அளவு மீறினால் ரிலீஃப் வால்வ் திறந்து, மிச்சத்தைத் திருப்பி விட்டுவிடும். இப்படி வந்த ஆயிலைச் சுழலும் கிராங்க் தன்னோடு இழுத்துப் படலமாக்கி, அதன் மேல் மிதக்கிறது. பம்ப் காற்றை இழுத்துவிட்டால் அந்தப் படலம் அறுந்துபோகும். வரிசையில் கடைசியில் இருக்கும் பிக் எண்ட்தான் பெரும்பாலும் முதலில் அடிவாங்கும்.

அந்த ஜீப்பில் ஆயில் லைட்டை எரியவைக்கும் பிரஷர் சுவிட்சைக் கழற்றி, அந்த இடத்தில் பிரஷர் மீட்டரை மாட்டினோம். இஞ்சின் சூடேறிய பிறகு, சமதளத்தில் ஐடிலில் 1 பாருக்குச் சற்று மேல். நிமிடத்துக்கு 2000 சுற்றில் 3 பாரைத் தாண்டியது. குறை சொல்ல எதுவுமில்லை. அப்புறம் வண்டியின் மூக்கு கீழே இருக்கும்படி பட்டறைக்கு வெளியே சரிவில் நிறுத்தி, அதே 2000 சுற்றில் வைத்தோம். முள் துடித்து, பூஜ்யத்துக்கு விழுந்து, மறுபடி எழுந்தது. உடனே இஞ்சினை நிறுத்திவிட்டோம்.

காரணம் கணக்கிலேயே தெரியும். எட்டடிக்கு ஓரடி இறங்கும் சாலையில், 40 சென்டிமீட்டர் நீளச் சேம்பருக்குள் ஆயிலின் முன்பக்கம் பின்பக்கத்தைவிட 5 சென்டிமீட்டர் உயர்ந்து நிற்கும். இந்த இஞ்சினில் சல்லடை இருப்பது பின்பக்கம். வளைவில் திரும்பும்போது ஆயில் பக்கவாட்டிலும் ஒதுங்கும். ஓடும்போது மேலே ஹெட்டுக்கு ஏறிய ஆயிலிலும் கொஞ்சம் இன்னும் கீழே இறங்கியிருக்காது. ஆயில் நிறைவாக இருந்தால் இதையெல்லாம் தாங்கும். இதில் வடித்துப் பார்த்தபோது இருக்கவேண்டிய 6 லிட்டருக்கு மூன்றரைதான் வந்தது. சேம்பர் கேஸ்கெட் கசிவில் மீதி போயிருந்தது. சேம்பரைக் கழற்றிப் பார்த்தால், கடைசி பிக் எண்ட் பேரிங்கில் சாம்பல் நிற மேல்பூச்சு தேய்ந்து செம்பு நிறம் தெரிந்தது. நல்லவேளை, கிராங்க் தப்பியது. பேரிங் செட்டையும் கேஸ்கெட்டையும் மாற்றியதோடு முடிந்தது.

சுவிட்சைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பல வண்டிகளில் பிரஷர் அரை பாருக்கும் கீழே போனால்தான் லைட் எரியும். ஓடும் இஞ்சினுக்குத் தேவையான அளவை விட அது மிகவும் குறைவு. அதனால் லைட் ஒரு நொடி எரிந்தாலும் ஓரங்கட்டி இஞ்சினை அணைத்துவிடுங்கள். "ஊருக்குப் போய்ப் பார்த்துக்கலாம்" என்று மட்டும் ஓட்டவேண்டாம்.

டிரை சம்பில் இந்தத் தொல்லை மிகவும் குறைவு. அதில் சேம்பர் ஆழமில்லாத வெறும் தட்டுதான். கீழே விழும் ஆயிலை ஸ்கேவெஞ்ச் பம்ப் உறிஞ்சித் தனி டேங்குக்கு அனுப்பும். ஆயிலோடு காற்றும் சேர்ந்தே வருவதால் அதன் கொள்ளளவு பிரஷர் பம்பைவிட அதிகம். உயரமான, குறுகலான டேங்கில் காற்று பிரிந்து மேலே போக, அடியில் இருந்து பிரஷர் பம்ப் சுத்தமான ஆயிலை எடுக்கும். வண்டி சாய்ந்தாலும் குழாய் வாய் முங்கியே இருக்கும். ரேஸ் கார்களில் இதற்காகத்தான் வைக்கிறார்கள். கூடுதல் பம்ப், டேங்க், குழாய் என்று செலவு ஏறும். எஸ்டேட் ஜீப்புக்கு அது தேவையில்லை என்பதே என் கருத்து. அளவு குறையாத ஆயில் போதும்.

அந்த அளவைப் பார்க்கும் முறை இரண்டுக்கும் வேறு. வெட் சம்ப் வண்டியை இஞ்சின் அணைத்துப் பத்து நிமிடம் கழித்து, சமதளத்தில் பார்க்கவேண்டும். நம் வீட்டு வாசல்களில் முக்கால்வாசி சரிவுதான், அங்கே டிப்ஸ்டிக் பொய் சொல்லும். பெட்ரோல் பங்க் தரை நல்ல இடம். பழைய வார்ப்பிரும்பு இஞ்சின் புல்லட் டிரை சம்ப் வகை. வாரக்கணக்கில் நின்றால் ஆயில் பம்ப் வழியே கசிந்து கிராங்க் கேஸுக்குள் இறங்கிவிடும், டிப்ஸ்டிக்கில் குறைவாகக் காட்டும். அதைப் பார்த்து மேலே ஊற்றினால், ஸ்டார்ட் செய்ததும் புகையும், இஞ்சின் காற்று வெளியேறும் பிரீதர் குழாயில் ஆயிலும்தான் வரும். முதலில் சில நிமிடம் ஓடவிட்டு, ஆயில் அதன் அறைக்குத் திரும்பிய பிறகு, நிறுத்தியவுடன் பாருங்கள்.