பிஎஃப்டி: இருதிசை முன்னனுப்பல் கண்டறிதல்

பிஎஃப்டியை விரித்தால் பைடைரக்‌ஷனல் ஃபார்வர்டிங் டிடெக்‌ஷன். இரண்டு ரௌட்டர்களுக்கு இடையே உள்ள வழி இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பெரும்பாலும் ஒரு நொடிக்குள் சொல்லிவிடும் சிறு நெறிமுறை இது. டேவ் கட்ஸ், டேவ் வார்ட் என்ற இருவர் எழுதிய இதை, இணைய நெறிமுறைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் 2010 ஜூனில் RFC 5880 ஆக வெளியிட்டது.

பெயரில் நடுச்சொல்தான் முக்கியம். தரவுப் பொட்டலம் எந்த வழியில் போக வேண்டும் என்று முடிவெடுப்பது ரூட்டிங். வந்த பொட்டலத்தை அந்த முடிவின்படி அடுத்த ரௌட்டருக்குத் தள்ளிவிடுவது ஃபார்வர்டிங். இதைச் சிலர் 'கடத்தல்' என்கிறார்கள். பொருள் பொருந்தும், ஆனால் படிப்பவருக்கு விமான நிலையத்தில் பிடிபட்ட தங்கம்தான் நினைவுக்கு வரும். 'முன்னனுப்பல்' கொஞ்சம் நீளம், குழப்பம் இல்லை.

சரி, இதற்கென்று தனி நெறிமுறை எதற்கு? ஒரு தலைமை அலுவலகமும் கிளையும் சேவை நிறுவனத்தின் ஃபைபர் வழியாக இணைந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். நடுவில் சேவை நிறுவனத்தின் ஸ்விட்சுகள் இருக்கும். அவற்றுக்கு அப்பால் ஃபைபர் அறுந்தால் நம் ரௌட்டரின் போர்ட்டுக்கு எதுவும் தெரியாது, பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். ரௌட்டர்கள் வழிகளைக் கணக்கிடப் பயன்படுத்தும் ரூட்டிங் நெறிமுறையான ஓஎஸ்பிஎஃப் வழக்கமான அமைப்பில் 10 நொடிக்கு ஒரு ஹலோ அனுப்பும், 40 நொடி பதில் இல்லாவிட்டால்தான் அண்டை ரௌட்டரைக் கைவிடும். அதுவரை பொட்டலங்கள் கிணற்றில் போட்ட கல்தான்.

பிஎஃப்டி இந்தக் காத்திருப்பைத் தன் தலையில் ஏற்கிறது. அண்டை யார் என்று அது தேடுவதில்லை, ஓஎஸ்பிஎஃப் கண்டுபிடித்துக் கொடுக்கும். எஃப்ஆர்ஆர் என்ற திறமூல ரூட்டிங் மென்பொருள் ஓடும் ரௌட்டரில், அதன் bfdd நிரல் இயங்கிக்கொண்டிருந்தால், இரு பக்கமும் இன்டர்ஃபேஸின் கீழ் ஒரே வரி போதும்:

```
interface eth1
 ip ospf bfd
```

அதன்பின் இரு பக்கமும் சிறு யுடிபி பொட்டலங்களை இடைவிடாமல் அனுப்பும். எஃப்ஆர்ஆரின் இயல்பு அளவு 300 மில்லிநொடிக்கு ஒன்று. மூன்றுக்கான நேரம் ஒன்றும் வராமல் கழிந்தால் இணைப்பு போயிற்று என்று கணக்கு. ஆக 900 மில்லிநொடி.

இந்த 900 எப்போதும் உண்மையாக இருப்பதில்லை. 'இருதிசை' என்ற சொல்லுக்கு வேலை இருப்பது இங்கேதான். கிளையில் பழைய ரௌட்டர் ஒன்று இருக்கிறது. 300க்கு ஒன்று அனுப்பும், ஆனால் "எனக்கு 500க்கு ஒன்றுக்கு மேல் அனுப்பாதே" என்று அறிவிக்கிறது. அனுப்புபவர் விரும்பும் இடைவெளி, பெறுபவர் தாங்கும் இடைவெளி இரண்டில் பெரியதே நடைமுறைக்கு வரும். அதனால் தலைமையகம் 500க்கு ஒன்றுதான் அனுப்பும். கிளை முறிவை உணர 1,500 மில்லிநொடி ஆகும், தலைமையகம் உணர 900 போதும்.

இப்போது தலைமையகத்திலிருந்து கிளைக்குப் போகும் ஃபைபர் இழை மட்டும் அறுகிறது. தலைமையகத்துக்கு கிளையின் பொட்டலங்கள் ஒழுங்காக வந்துகொண்டிருப்பதால் அது எதையும் உணராது. ஒன்றரை நொடி கழித்து கிளை தன் நிலையை Down என்று மாற்றி, அடுத்த பொட்டலத்தில் அதை எழுதி அனுப்பும். அதைப் பார்த்ததும் தலைமையகமும் Down ஆகும். ஒரு திசை போனால் இரு திசையும் போனதாகக் கொள்வதே இதன் விதி. தன் பக்கத்து அமைப்பை மட்டும் பார்த்து "ஒரு நொடிக்குள்" என்று எழுதிவைத்தவர் இங்கே ஏமாறுவார். `show bfd peers` என்று அடித்து, எதிர்ப்பக்கம் அறிவித்த அளவுகளையும் பார்க்க வேண்டும்.

அப்புறம், பிஎஃப்டி மாற்று வழி தேடித் தராது. முறிவை ஓஎஸ்பிஎஃப்பிடம் சொல்வதோடு அதன் வேலை தீர்ந்தது. பாதையை மறுபடி கணக்கிட்டு அட்டவணையில் ஏற்றும் நேரம் தனி.

இடைவெளியை 50 ஆகக் குறைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். பிஎஃப்டியைத் தனிச் சில்லு கவனிக்கும் ரௌட்டரில் அது நடக்கும். எல்லா வேலையையும் சிபியுவே செய்யும் பெட்டியில் சிபியு 150 மில்லிநொடி திணறினாலே நல்ல இணைப்பு செத்ததாக அறிவிக்கப்படும். போர்ட் விழவில்லை, பிழை எண்ணிக்கை ஏறவில்லை, பிஎஃப்டி மட்டும் விழுந்து விழுந்து எழுகிறது, அதுவும் சிபியு ஏறும் நேரங்களில் என்றால் ஃபைபரைச் சந்தேகிக்காமல் இடைவெளியைக் கூட்டிப் பாருங்கள்.

தமிழில் 'இருவழி' என்பதைவிட 'இருதிசை' மேல். இருவழி என்றால் இரண்டு தனிப்பாதைகள் என்று படும், இங்கே பாதை ஒன்றுதான். 'இருதிசை முன்னனுப்பல் கண்டறிதல்' நேர்ப்பெயர். பொருளைச் சொல்ல 'இணைப்பு முறிவறிதல்' சுருக்கமாக இருந்தாலும் பரிந்துரைக்க மாட்டேன், ஏனென்றால் இணைப்பு முறியாமல் மறுமுனை ரௌட்டரில் முன்னனுப்பல் மட்டும் நின்றுபோனாலும் பிஎஃப்டி விழக்கூடும்.