ஒரே குழு, ஆளுக்கொரு கலோரி

ஒரு பயிற்சியாளரிடம் இருபது பேர் சேர்கிறார்கள். அவர்களைக் கொழுப்பைக் குறைக்க வந்தவர்கள், தசை கூட்ட வந்தவர்கள், எடையை அப்படியே வைத்துக்கொண்டு வலுவைக் கூட்ட வந்தவர்கள் என்று பிரித்துவிடலாம். குழுவுக்குப் பொதுவாக இருக்க வேண்டியது விதி மட்டும்தான். கொழுப்புக் குறைப்புக் குழு என்றால், உடல் ஒரு நாளில் செலவிடும் கலோரியில் 15 முதல் 20 சதவீதம் குறைவாகச் சாப்பிடுவது. தசைக் குழுவுக்கு 5 முதல் 10 சதவீதம் கூடுதல். எண் ஆளுக்கு ஆள் மாறும்.

இந்தச் செலவைக் கணக்கிடப் பரவலாகப் பயன்படுவது 1990இல் வந்த மிஃப்லின்-செயின்ட் ஜோர் சூத்திரம். 40 வயது, 80 கிலோ, 160 செ.மீ. பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். எடையை 10ஆல் பெருக்கினால் 800, உயரத்தை 6.25ஆல் பெருக்கினால் 1000. கூட்டுத்தொகையிலிருந்து வயதின் ஐந்து மடங்கான 200ஐயும், பெண்களுக்கான 161ஐயும் கழித்தால் 1439. இது சும்மா படுத்திருந்தாலே ஆகும் செலவு. உட்கார்ந்து வேலை, வாரம் மூன்று நாள் பயிற்சி என்றால் 1.4ஆல் பெருக்கலாம்: சுமார் 2015. 15 முதல் 20 சதவீதம் குறைத்தால் 1600 முதல் 1700 வரை.

அதே குழுவில் 30 வயது, 95 கிலோ, 178 செ.மீ. ஆண் இருந்தால் அவருக்கு இதே விதி 2150 முதல் 2300 வரை தரும். அவரிடமும் 1600 என்று சொன்னால், செலவில் 40 சதவீதத்தை வெட்டிய மாதிரி. இரண்டாவது வாரமே ஆளைக் காணோம்.

புரதம் கிலோவுக்கு 1.6 முதல் 2 கிராம் வரை. ஆனால் எடை மிக அதிகமானவருக்கு இப்போதைய எடையால் பெருக்கினால் எண் தேவையில்லாமல் எகிறும். இலக்கு எடையை வைப்பது நல்லது. அந்தப் பெண்ணின் இலக்கு 65 கிலோ என்றால் 105 முதல் 130 கிராம். சிறுநீரக நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், இன்சுலின் போடுபவர்கள் ஆகியோருக்கு இந்த எண்களைத் தரவே கூடாது. மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

சூத்திரம் 10 சதவீதம் பிசகுவது சாதாரணம். அந்தப் பெண்ணின் உண்மையான செலவு 1800 என்றால், 1700 சாப்பிடும்போது நாளைக்கு நூறு கலோரிதான் குறைகிறது. வாரத்துக்கு நூறு கிராம் கொழுப்புகூடக் கரையாது. உடலில் நீர் ஏறி இறங்குவதிலேயே அது மறைந்துவிடும். மறுபக்கம், முதல் வாரத்தில் சட்டென்று இறங்கும் ஒன்றரைக் கிலோவும் பெரும்பாலும் நீர்தான். அதை நம்பி எண்ணை மாற்றக் கூடாது.

அதனால் தினமும் காலையில் எடை பார்த்து, வாரச் சராசரிகளை மட்டும் ஒப்பிட வேண்டும். மாதவிடாய் உள்ள பெண்களுக்கு நான்கு வாரம் பார்ப்பதே நியாயம். சராசரி அசையவில்லை என்றால் முதலில் உணவுக் குறிப்பைப் பார்க்க வேண்டும்: எண்ணெய், குடித்த பானங்கள், ருசி பார்த்த ஓரிரு வாய் எல்லாம் விட்டுப்போயிருக்கும். குறிப்பு சரி என்றால், அப்புறம் 100 முதல் 150 கலோரி குறைக்கலாம், புரதத்தைத் தொடாமல்.