தானாக ஓடும் ரிப்போர்ட்: கோடா, பட்டையா, அட்டவணையா?

கையால் ஒரு சார்ட் போடும்போது பல முடிவுகளை யோசிக்காமலே எடுத்துவிடுகிறோம். இரண்டே எண்கள்தான் என்றால் சார்ட் வேண்டாம் என்று விடுவோம், முடியாத வாரத்தைத் தூக்கிவிடுவோம். ஸ்கிரிப்ட்டுக்கு இதெல்லாம் தெரியாது. என்றோ எழுதிய வரிதான் இந்த வாரத் தரவுக்கும் ஓடும். அதனால் அந்த முடிவுகளையும் சேர்த்தே எழுதி வைக்க வேண்டியிருக்கிறது.

வாரத்துக்கு எத்தனை புகார்கள் வருகின்றன என்று காட்டும் ரிப்போர்ட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எட்டு வாரங்களின் எண்கள்: 412, 405, 398, 420, 431, 446, 458, 471.

இதைப் பட்டைகளாக வரைந்தால் எட்டும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்கும். பட்டையில் கண் பார்ப்பது நீளத்தை. ஆகவே அச்சு 0-இல் தொடங்கியே தீர வேண்டும். அச்சை 390-இல் தொடங்கினால் 398-ஐக் காட்டும் பட்டை 8 அளவு உயரமும், 471-ஐக் காட்டுவது 81 அளவு உயரமும் இருக்கும். புகார் பத்து மடங்கு ஆகிவிட்டதாகத் தோன்றும். உண்மையில் ஏறியது 18 சதவீதம்தான்.

கோட்டில் கண் தேடுவது சரிவை, அதாவது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை. அதற்கு 0 கட்டாயமில்லை. ஆனால் அச்சை முழுக்க லைப்ரரி கையில் விட்டுவிட்டால், சின்ன அசைவையும் அது படம் முழுக்க இழுத்துக் காட்டும். நான் வைத்திருக்கும் விதி, அச்சின் வீச்சு சராசரியில் 30 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது. இங்கே சராசரி 430, எனவே வீச்சு 129-க்குக் குறையக் கூடாது. 370 முதல் 500 வரை வைத்தால் போதும்: மூன்றாவது வாரத்திலிருந்து கோடு ஏறுவது பார்த்த உடனே தெரியும், பதறவும் வைக்காது.

தேர்வை இப்படிச் சுருக்கலாம்:

```python
def pick(n, is_time, mixed_units):
    if n <= 3 or mixed_units:
        return "table"
    if is_time and n >= 7:
        return "line"
    return "bar"
```

3, 7 என்பவை சட்டம் அல்ல, என் பழக்கம். நான்கிலிருந்து ஆறு மாதங்கள் வரை பட்டையே போதும். அதற்கு மேல் போனால் தனித்தனிப் பட்டைகளைவிடப் போக்குதான் முக்கியம். புகார் எண்ணிக்கை, பதில் சொல்ல ஆன நேரம், திரும்ப வந்தவற்றின் சதவீதம் மூன்றையும் ஒரே படத்தில் திணிக்காதீர்கள். போன வாரம், இந்த வாரம், வித்தியாசம் என்று மூன்று பத்திகளில் ஓர் அட்டவணை, எண்கள் வலது ஓரமாக. அவ்வளவுதான்.

`is_time` என்பதை எண்ணைப் பார்த்து ஊகிக்க விடாதீர்கள். 101, 102, 103 என்ற பிரிவுக் குறியீடுகளும் எண்கள்தாம். அவற்றை ஒரு கோட்டால் இணைத்தால், இல்லாத ஒரு போக்கு பிறந்துவிடும்.

சரி, வகையைச் சரியாகத் தேர்ந்தாயிற்று. அப்புறமும் படம் தவறான செய்தி சொல்லக்கூடும். நான் அதிகம் பார்ப்பது முடியாத வாரத்தைத்தான். ரிப்போர்ட் செவ்வாய் இரவு ஓடுகிறது, ஒன்பதாவது வாரத்தில் இரண்டு நாள் கணக்கு மட்டும் இருக்கிறது: 118. கோடு 471-இலிருந்து செங்குத்தாக விழும். பார்ப்பவர் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார். உண்மையில் முந்தைய வாரத்தின் முதல் இரண்டு நாட்களில் வந்தவை 121 என்றால், பெரிதாக எதுவும் மாறவில்லை. முடியாத வாரத்தைத் தரவு எடுக்கும் வினவலிலேயே வெட்டிவிடுங்கள். வேண்டுமானால், “இதுவரை 118, போன வாரம் இதே நேரத்தில் 121” என்று படத்தின் கீழே எழுதலாம்.

இதற்கு அண்ணன் தம்பி மாதிரி இன்னொன்று, தரவு வராத வாரம். அதை `fillna(0)` என்று நிரப்பினால் கோடு தரையைத் தொட்டு எழும். காலியாக, `NaN` ஆகவே விட்டால் மேட்பிளாட்லிப் அந்த இடத்தில் கோட்டை உடைத்துக் காட்டும். அதுதான் நேர்மையான படம். ஆனால் அந்த வாரத்துக்கான வரிசையே தரவில் இல்லையென்றால் கோடு நேராக இணைந்துவிடும், இடைவெளி இருந்த சுவடே தெரியாது. அதனால் வரைவதற்கு முன் எல்லா வாரங்களையும் கொண்ட பட்டியலோடு `reindex` செய்துவிடுங்கள்.

ஸ்கிரிப்ட்டைச் சோதிக்கும்போது நல்ல தரவை மட்டும் கொடுத்துப் பார்ப்பவர்கள்தான் அதிகம். காலித் தரவு, ஒரே ஒரு வாரம், நடுவில் ஓட்டை, பாதி வாரம் என்று நான்கு சின்னக் கோப்புகளை வைத்துக்கொண்டு, ஸ்கிரிப்ட்டில் கை வைக்கும்போதெல்லாம் அந்தப் படங்களையும் வரைந்து பாருங்கள். ரிப்போர்ட்டோடு தொடர்பில்லாத ஒருவரிடம் ஒவ்வொன்றையும் ஐந்து விநாடி காட்டி, “ஏறுதா, இறங்குதா?” என்று மட்டும் கேளுங்கள். அவர் அச்சில் உள்ள எண்களைப் படிக்க ஆரம்பித்தால், அந்தப் படத்தை அட்டவணையாக மாற்றிவிடலாம்.