வாயில் புண், கீழே எரிச்சல்: இரண்டும் ஒரே நோயாக இருக்கலாம்

ஒரு பல் மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டோடு அந்த அம்மா வந்தார். வயது 54. “ஈறு உரிகிறது, இரண்டு முறை பல் சுத்தம் செய்தும் ஆறவில்லை, தோல் மருத்துவர் பார்க்கவும்” என்று சீட்டில் இருந்தது. கூடவே மகளும் வந்திருந்தார். ரசம் சாதம்கூட வாயில் வைக்க முடியவில்லை, தயிரும் இட்லியுமாக ஓடுகிறது என்று மகள்தான் சொன்னார். (அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். மேல் ஈறு முழுக்கச் செக்கச்செவேலென்று பளபளத்தது. பஞ்சால் தொட்டால் மேல் சவ்வு உரிந்து வந்தது. ஆனால் எனக்கு விடை சொன்னது ஈறு இல்லை, கன்னத்தின் உட்புறம். கடைவாய்ப் பல்லுக்கு எதிரே, இரண்டு பக்கமும், கோலத்துக்கு இழுத்த கோடு போல மெல்லிய வெள்ளைக் கோடுகள் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு கிடந்தன. துடைத்தாலும் போகவில்லை.

அந்தக் கோடுகளைப் பார்த்தால் அடுத்து ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும். மகளைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, “கீழே எரிச்சல், அரிப்பு ஏதாவது இருக்காம்மா?” என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “ரெண்டு வருஷமா இருக்குங்க. வெள்ளைப்படுதுன்னு உள்ளே வைக்க மாத்திரை கொடுத்தாங்க. அஞ்சாறு தடவை வச்சுட்டேன். வைக்கும்போதெல்லாம் இன்னும் எரியுது. வயசானா இப்படித்தான்னு விட்டுட்டேன். அதுக்கும் வாய்க்கும் என்னங்க டாக்டரம்மா சம்பந்தம்?”

சம்பந்தம் இருக்கிறது. இதன் பெயர் லைக்கன் பிளானஸ். செட்டிநாட்டு மசாலாவில் போடும் கல்பாசி இருக்கிறதே, அது ஒரு லைக்கன். தோலில் தட்டையாகப் படரும் தடிப்பு அந்தப் பாசியை நினைவுபடுத்தியதால் ‘தட்டையான பாசி’ என்ற பொருளில் 1869-இல் எராஸ்மஸ் வில்சன் என்ற ஆங்கிலேய மருத்துவர் வைத்த பெயர் இது. பெயரில்தான் பாசி. கிருமியோ காளானோ இதில் கிடையாது. நம் உடம்பின் எதிர்ப்பு அணுக்கள், தோலின் அல்லது சவ்வின் அடி வரிசைச் செல்களையே எதிரி என்று எண்ணித் தாக்குகின்றன. மேலோட்டமாகத் தாக்கினால் வெள்ளைக் கோடு. அடி வரிசையே அழிந்தால் மேல் சவ்வு பிடிமானம் இழந்து உரிந்து, பச்சைப் புண்ணாகிறது. அப்படிப் புண்ணாகும் வகைதான் எரோசிவ் லைக்கன் பிளானஸ். வாயின் ஈறும் பெண்ணுறுப்பின் வாசலும் உட்குழாயும் ஒரே ஆளுக்குச் சேர்ந்து புண்ணாவதை 1982-இல் பெலிஸ் என்ற பிரெஞ்சு மருத்துவரும் கூட இருந்தவர்களும் தனி நோய்க்கூட்டாக எழுதினார்கள். பெரும்பாலும் ஐம்பதை ஒட்டிய, அதைத் தாண்டிய பெண்களிடம் பார்க்கிறோம்.

நிறத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ‘ஊதா நிறத் திட்டு’ என்று படித்துவிட்டு, தனக்கு ஊதா இல்லையே என்று நினைப்பவர்கள் உண்டு. அந்த ஊதா வெள்ளைத் தோல்காரர்களின் படத்தில் தெரிவது. நம் நிறத்தில் மணிக்கட்டிலும் கணுக்காலிலும் வரும் தடிப்பு கரும்பழுப்பாகவோ கருநீலமாகவோதான் தெரியும், ஆறிய பிறகும் கறுப்புத் தழும்பாக நெடுநாள் நிற்கும். வாய்க்குள்ளும் பெண்ணுறுப்புக்குள்ளும் தெரிவது சிவந்த புண்தான். அதன் ஓரத்தில் வெள்ளைக் கோடோ, வெளிறிய ஊதாச் சாயலுள்ள விளிம்போ இருக்கும். நடுவில் இருக்கும் சிவப்பு எத்தனையோ நோய்களில் வரும். ஓரத்து வெள்ளைக் கோடுதான் இதைக் காட்டிக்கொடுக்கிறது.

அந்த அம்மாவைப் படுக்க வைத்து, மெதுவாகப் பார்த்தேன். வாசலைச் சுற்றிக் கண்ணாடி போல மினுங்கும் சிவப்புப் புண், ஓரத்தில் அதே வெள்ளைக் கோடு. சிறிய உள்ளுதடுகள் ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகிவிட்டன. உள்ளே விரித்துப் பார்க்கும் ஸ்பெகுலம் கருவியில் மிகச் சின்னதுகூட உள்ளே போகவில்லை. ஜெல் தடவி ஒரு விரலை வைத்தபோது பாதி வழியில் சவ்வு ஒட்டியிருப்பது தட்டுப்பட்டது. விரலில் மஞ்சளாக, பிசுபிசுப்பான கசிவும் கொஞ்சம் ரத்தமும். இந்தக் கசிவைத்தான் இரண்டு வருடமாக வெள்ளைப்படுதல் என்று நினைத்திருக்கிறார்கள். யாரையும் குறை சொல்லவில்லை. அவரே சொன்னார், பாதித் தடவை யாரும் படுக்க வைத்துப் பார்க்கவில்லை, சொன்னதைக் கேட்டு எழுதிக் கொடுத்ததுதான்.

பூஞ்சைத் தொற்றா, இதுவா என்று அங்கேயே ஓரளவு பிரித்துவிடலாம். கசிவில் ஒரு துளியைக் கண்ணாடித் துண்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், பூஞ்சை என்றால் நூல் போன்ற இழைகள் தெரியும். இவருக்கு இழையே இல்லை. சீழ் அணுக்கள் நிறைய, முதிராத சின்ன வட்டச் செல்கள் நிறைய. பூஞ்சையில் அமிலத்தன்மை பெரும்பாலும் மாறாமல் நிற்கும். இதில் அமிலத்தன்மை குறைந்து, பிஎச் 5-க்கு மேல் ஏறிவிடும். மாதவிடாய் நின்றபின் வரும் வறட்சியிலும் பிஎச் ஏறும், ஆனால் வெள்ளைக் கோடு அதில் வராது, உள்ளே இப்படி ஒட்டுவதும் பொதுவாக இருக்காது. இன்னொரு நோய் உண்டு, லைக்கன் ஸ்கிளிரோசஸ். வெளியே வெள்ளை வெளேரென்று காகிதம் போல ஆக்கி, உள்ளுதடுகளையும் தேய்த்துவிடும். அது பொதுவாக வாசலோடு நின்றுவிடும். உட்குழாய் வரை போனால் அது லைக்கன் பிளானஸாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

அடுத்தது பயாப்சி. எங்கே எடுப்பது என்பதில்தான் தவறு நடக்கிறது. புண்ணின் நடுவில் எடுத்தால் அங்கே மேல் சவ்வே இருக்காது, அறிக்கையும் ‘அழற்சி’ என்று மட்டும் வரும். வெள்ளைக் கோடு இருக்கும் ஓரத்தில் எடுக்க வேண்டும். மரத்துப்போகும் ஊசி போட்டு, 4 மில்லிமீட்டர் துண்டு ஒன்று. பக்கத்தில், புண்ணாகாத இடத்தில் இன்னொன்று. இரண்டாவது துண்டு இம்யூனோஃப்ளோரசன்ஸ் சோதனைக்கு. அதை ஃபார்மலினில் போட்டால் வீணாகிவிடும், தனி திரவத்தில் அனுப்ப வேண்டும். ஈறை உரிக்கும் பெம்ஃபிகஸ், பெம்ஃபிகாய்டு என்ற கொப்புள நோய்களை இந்தச் சோதனைதான் விலக்கித் தரும். அவற்றுக்கான வைத்தியமே வேறு.

இவருடைய அறிக்கையில் கொப்புள நோய் இல்லை என்பது தெளிவாக இருந்தது. லைக்கன் பிளானஸ் என்பதற்கு ‘பொருந்துகிறது’ என்று மட்டும் எழுதியிருந்தார்கள். இது வழக்கம்தான். அறிக்கை அரைகுறையாக வந்தாலும், வாயும் கீழும் சேர்த்துப் பார்த்தால் சந்தேகம் இல்லை. சாப்பிடும் மருந்துகளின் பட்டியலையும் வாங்கிப் பார்த்தேன். சில ரத்த அழுத்த மாத்திரைகளும் வலி மாத்திரைகளும் இதே தோற்றத்தைத் தரும். வெற்றிலை பாக்கு அடக்கும் கன்னத்தில் மட்டும் வரும் வெள்ளைக் கோடும் இதைப் போலவே இருக்கும், ஆனால் அது அடக்கும் இடத்தைத் தாண்டிப் போகாது. இவருக்கு இரண்டும் இல்லை.

“இது யார்கிட்டேருந்தும் தொத்துனதா?” என்று தணிந்த குரலில் கேட்டார். இல்லை. உடலுறவில் வருவதில்லை, கணவருக்கும் போகாது. இதைச் சொன்னதும் அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். இரண்டு வருடமாக அவரை அரித்தது இந்தக் கேள்விதான் போலிருக்கிறது.

மருந்து என்று பார்த்தால், வெளிப்பக்கத்துக்குக் குளோபெட்டசால் 0.05 சதவீதக் களிம்பு. வீரியமான ஸ்டீராய்டு. சுட்டுவிரலின் நுனி மடிப்பு அளவுக்குப் பிதுக்கினால் அரை கிராம். அவ்வளவுதான், இரவில் ஒரு முறை, மூன்று மாதம். 30 கிராம் டியூப் ஏறக்குறைய இரண்டு மாதம் வர வேண்டும். இரண்டு வாரத்தில் தீர்ந்தால் அள்ளிப் பூசுகிறார் என்று அர்த்தம். நாலு மாதம் ஆகியும் தீரவில்லை என்றால் பயந்து விட்டுவிட்டார். இரண்டாவதுதான் அதிகம். டியூப்பின் மேலும், மருந்துக்கடையிலும், ‘அந்த இடத்தில் போடக் கூடாது’ என்ற எச்சரிக்கை கிடைக்கும். பொதுவாக அது சரியான எச்சரிக்கைதான், இந்த நோய்க்கு மட்டும் பொருந்தாது. அதனால் நான் சீட்டிலேயே இடத்தையும் நாளையும் எழுதிவிடுகிறேன். இன்னொரு ஆபத்து, கடையில் இதே பெயரோடு பூஞ்சை மருந்தும் நியோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கும் கலந்த கிரீமைக் கொடுத்துவிடுவது. பச்சைப் புண்ணில் அந்தக் கலவை எரியும், ஒவ்வாமையும் தரலாம். கலப்பில்லாத களிம்பாக இருக்க வேண்டும்.

வாய்க்கு, பீட்டாமெத்தசோன் 0.5 மில்லிகிராம் மாத்திரையை இரண்டு ஸ்பூன் தண்ணீரில் கரைத்து, ஐந்து நிமிடம் வைத்திருந்து துப்ப வேண்டும். விழுங்கக் கூடாது. அப்புறம் அரை மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. இந்த மருந்துகளால் வாயிலோ கீழோ நிஜமாகவே பூஞ்சை வரலாம். ஆறிக்கொண்டிருந்த இடம் திடீரென்று அரித்தால் அதைத்தான் முதலில் பார்க்கிறேன். கழுவ வெறும் தண்ணீர் போதும். டெட்டால், வேப்பிலைத் தண்ணீர், வாசனை வாஷ் எல்லாம் நிறுத்தச் சொன்னேன். வெளியே வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி தடவிக்கொண்டால் சிறுநீர் பட்டாலும் எரியாது.

உட்குழாய்தான் கஷ்டமான இடம். உள்ளே ஸ்டீராய்டு வைத்து முதலில் சிவப்பை அடக்கினோம். அப்புறம் மகப்பேறு மருத்துவர் மயக்கம் கொடுத்து ஒட்டியதைப் பிரித்தார். அன்றைக்கே மருந்து தடவிய டைலேட்டர், அதாவது விரல் போன்ற வழுவழுப்பான குழாய், வைக்கப் பழக்கினோம். சிவப்பு அடங்காமல் பிரித்தால் சில வாரத்தில் மறுபடி ஒட்டிக்கொள்ளும். தேய்ந்துபோன உள்ளுதடு திரும்ப வளராது என்பதையும் முன்பே சொல்லிவிட்டேன். களிம்புக்கு அடங்காதவர்களுக்குக் கொஞ்ச நாள் பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையோ, ரத்தப் பரிசோதனையோடு எதிர்ப்பு அணுக்களை அடக்கும் மெத்தோட்ரெக்சேட்டோ தேவைப்படும்.

மூன்றாம் மாதம் கீழே வலி பெருமளவு குறைந்திருந்தது. களிம்பு வாரத்துக்கு இரண்டு நாளாகக் குறைந்தது, நிற்கவில்லை. இந்த நோய் அடங்கியிருக்கும், ஒழிந்துபோவது அபூர்வம். வாயில் வரும் லைக்கன் பிளானஸில் ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்குக் காலப்போக்கில் புற்றுநோய் வரலாம். கீழேயும் அந்த அபாயம் சிறிதளவு உண்டு. அதனால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை இரண்டு இடத்தையும் பார்க்கிறோம். மருந்து போட்டும் மூன்று வாரத்தில் ஆறாத புண்ணோ, தொட்டால் கெட்டியாக இருக்கும் கட்டியோ தெரிந்தால் அந்தத் தேதிவரை காத்திருக்க வேண்டாம், உடனே வரச் சொல்லியிருக்கிறேன். சோறு தொண்டையில் இறங்கச் சிரமப்பட்டாலும் அப்படித்தான். உணவுக்குழாயிலும் இது வரும்.

போன மாதம் வந்தார். ஈறில் ஒரே ஒரு இடம் சிவப்பு, கன்னத்தில் கோடுகள் அப்படியே. ரசம் சாப்பிடுகிறாராம், மிளகு குறைத்து. பேசி முடித்து எழுந்தவர், கதவருகில் நின்று, “எங்க நாத்தனாருக்கும் ரொம்ப நாளா ஈறு உரியுதுங்க. கீழே எரியுதான்னு நானே கேட்டுட்டேன்” என்றார். அந்த நாத்தனார் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.