ரெஃபரல் கேட்டு நண்பருக்கு அனுப்பும் மெசேஜ்

ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்கள் ஊழியர்கள் ரெஃபர் செய்யும் விண்ணப்பங்கள் என் பார்வைக்கு வரும். வராமலே நின்றுபோகிறவையும் நிறைய உண்டு. அவற்றில் பெரும்பாலானவை "மச்சி, உங்க கம்பெனில ஏதாவது வேலை இருந்தா சொல்லுடா" என்ற மெசேஜிலேயே நின்றுவிடுகின்றன.

அந்த நண்பருக்கு உதவ மனமில்லாமல் இல்லை. பல ஆலைகளில் ஷாப் ஃப்ளோருக்குள் போனைக் கொண்டுபோக முடியாது. ஷிஃப்ட் முடிந்து, காவேரிப்பட்டணம் போகும் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் உங்கள் மெசேஜைப் பார்ப்பார். எந்த வேலை காலி என்று அவர் தேட வேண்டும், உங்களுக்கு எது பொருந்தும் என்று யோசிக்க வேண்டும், பிறகு உங்களைப் பற்றி நாலு வரி எழுத வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று போனை வைத்துவிடுவார்.

ரெஃபரல் படிவம் பொதுவாகக் கேட்பது இவ்வளவுதான்: வேலையின் ஐடி, உங்கள் பெயர், மின்னஞ்சல், போன் எண், ரெஸ்யூம், உங்களை எப்படித் தெரியும், ஏன் பரிந்துரைக்கிறீர்கள். இத்தனைக்கும் பதில் உங்கள் மெசேஜிலேயே இருந்தால், பஸ் ஊர் போய்ச் சேருவதற்குள் அவர் வேலையை முடித்துவிடுவார்.

பாலக்கோட்டைச் சேர்ந்த ஒரு பையனை எடுத்துக்கொள்வோம். டிப்ளமோ மெக்கானிக்கல் படித்து, நான்கு ஆண்டுகளாகத் தரப் பரிசோதனையில் இருக்கிறான். பாலிடெக்னிக்கில் கூடப் படித்தவன் வேறொரு கம்பெனியில் இருக்கிறான். முதலில் அந்த கம்பெனியின் இணையதளத்தில் வேலையைத் தேடி, ஐடியைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு இப்படி எழுதலாம்:

"மச்சி, எப்படி இருக்க? உங்க கம்பெனி சைட்ல குவாலிட்டி இன்ஜினியர் வேலை ஒண்ணு பார்த்தேன். லிங்க்கும் ஜாப் ஐடியும் கீழே இருக்கு. டிப்ளமோ, 3 வருஷ அனுபவம் கேட்டிருக்காங்க, எனக்கு 4 இருக்கு. நான் இன்னும் நேரடியா அப்ளை பண்ணல. என்னை ரெஃபர் பண்ண முடியுமா? படிவத்துல போட ஒரு சின்னக் குறிப்பும் ரெஸ்யூமும் அனுப்பியிருக்கேன். உனக்குச் சரிப்படலன்னா தயங்காம சொல்லிடு, நான் நேரடியாவே போட்டுக்கிறேன்."

அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். ரெஃபர் செய்பவரின் பெயரும் படிவத்தில் பதிவாகிறது, அதனால் மறுக்க அவருக்கு வழி இருக்க வேண்டும்.

குறிப்பைத் தனி மெசேஜாக, அப்படியே காப்பி எடுத்து ஒட்டும்படி அனுப்புங்கள். நண்பர் உங்களைப் பற்றிச் சொல்வதுபோல் அது இருக்க வேண்டும். படிவம் ஆங்கிலத்தில் என்றால் குறிப்பும் ஆங்கிலத்தில். விஷயம் இப்படி இருந்தால் போதும்:

"இவர் என் பாலிடெக்னிக் வகுப்புத் தோழர். இயந்திரத்தில் கடைந்த பாகங்களைப் பரிசோதிப்பதில் 4 ஆண்டு அனுபவம். பாகங்களை அளவெடுக்கும் சிஎம்எம் இயந்திரத்தைத் தானே இயக்குவார். ஒரு பாகத்துக்கு மாதம் 6 வரை வந்த வாடிக்கையாளர் புகாரை, கேஜை மாற்றி 2 ஆகக் குறைத்த குழுவில் இருந்தார். நோட்டீஸ் காலம் 30 நாள்."

இதில் 'கடின உழைப்பாளி' போன்ற சொற்கள் இல்லை. அவை என் கண்ணில் நிற்பதே கிடையாது. 6 எப்படி 2 ஆனது என்று நேர்காணலில் கேட்கத் தோன்றும். அதனால் உண்மையில் நடந்த எண்ணை மட்டும் எழுதுங்கள். கூடப் படித்தவரைக் கூட வேலை பார்த்தவர் என்று எழுத வைக்காதீர்கள். விசாரித்தால் சிக்குவது நண்பரும்தான்.

ரெஸ்யூமை பிடிஎஃப் ஆக, வாட்ஸ்அப்பில் 'டாக்குமென்ட்' வழியாக அனுப்புங்கள். ஜெராக்ஸ் கடையில் அச்சடித்ததைப் போட்டோ எடுத்து அனுப்பினால், பல மென்பொருள்களால் அதிலுள்ள எழுத்தைச் சரியாகப் படிக்க முடியாது. பிடிஎஃப்பைத் திறந்து ஒரு வரியை விரலால் அழுத்திப் பாருங்கள். எழுத்து தேர்வானால் சரி. கோப்பின் பெயரில் உங்கள் பெயரும் வேலையின் பெயரும் இருக்கட்டும். ரெஸ்யூமில் ஆதார் எண் வேண்டாம்.

நேரடியாக விண்ணப்பித்துவிட்டு அப்புறம் ரெஃபரல் கேட்பதுதான் நான் அதிகம் பார்க்கும் சிக்கல். உங்கள் மின்னஞ்சல் ஏற்கெனவே பதிவாகியிருந்தால், பல கம்பெனிகளில் ரெஃபரல் கணக்கில் ஏறாது. ஏஜென்சி மூலம் போயிருந்தாலும் அப்படித்தான். ஏற்கெனவே போட்டிருந்தால் அதை நண்பரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர் மனிதவளப் பிரிவில் விசாரித்துச் சொல்வார்.

நண்பர் பதிந்ததும் சில கம்பெனிகளில் உங்கள் மின்னஞ்சலுக்கு ஒரு லிங்க் வரும். அதில் விண்ணப்பத்தை நீங்கள்தான் முடிக்க வேண்டும். நண்பர் போட்டுவிட்டார் என்று சும்மா இருந்து, லிங்க் ஸ்பாமில் கிடந்து காலாவதியாக விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு வாரம் வரை எதுவும் வராவிட்டால், "லிங்க் இன்னும் வரல, நீ எந்த மெயில் ஐடி போட்டன்னு பார்த்துச் சொல்லுடா" என்று ஒரு வரி அனுப்புங்கள். பல நேரம் மின்னஞ்சலில் ஓர் எழுத்து மாறியிருக்கும்.